கடைசி வரிசையிலும் படிக்க முடிகிற நிரல்

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என்று விரல் மடக்கி, மூன்று என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பைத்தான் மொழியில் கணினியிடம் கேட்டால் ஐந்து என்று பதில் வரும். ஏன் ஐந்து வருகிறது, அதை எப்படி மூன்றாக்குவது என்பது நிரலெழுதக் கற்கும் தமிழ் மாணவர்களுக்கு அருமையான பாடம். சரியான விடை அவர்களுக்கு முன்பே தெரியும். கணினி அந்தச் சொல்லை எப்படிப் பார்க்கிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குப் புதிது.

இந்தப் பாடத்தைத் திரையில் காட்ட விரும்பும் ஆசிரியர் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். முழு நிரலையும் எழுதி முடித்து, இயக்கிப் பார்த்து, சரியாக வந்ததும் அப்படியே நகலெடுத்து ஒரு ஸ்லைடில் ஒட்டிவிடுவார்.

```python
import unicodedata

def count_letters(word):
    """Return the number of Tamil letters."""
    total = 0
    for ch in word:
        if unicodedata.category(ch)[0] != "M":
            total = total + 1
    return total

print(len("தமிழ்"))
print(count_letters("தமிழ்"))
```

நிரலில் எந்தப் பிழையும் இல்லை. இயக்கினால் முதலில் 5, அடுத்து 3 என்று வரும். ஆனால் ஸ்லைடில் இது மட்டும் இருப்பதில்லை. மேலே ஒரு தலைப்பு, வலது பாதியில் புள்ளி வைத்த நான்கைந்து விளக்க வரிகள், கீழே கல்லூரியின் பெயர் எல்லாம் இருக்கும். நிரலுக்குக் கிடைப்பது இடது பாதி மட்டும். அந்தப் பாதிக்குள் அடங்குகிற மாதிரி எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் 16 புள்ளி அளவில் போய் நிற்கும். வகுப்பு தொடங்குகிறது, முன்வரிசையில் இருப்பவர்கள் படிக்கிறார்கள், கடைசி வரிசையில் இருப்பவர்கள் கைபேசியில் திரையைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். நிரல் காட்டும் எந்த அரங்கிலும் கைபேசிகள் உயர்வதைப் பார்த்தால், எழுத்தளவு போதவில்லை என்று பேசுபவர் உடனே தெரிந்துகொள்ளலாம்.

எழுத்தளவை எப்படி முடிவு செய்வது

அந்த 16 ஏன் போதாது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பவர்பாயிண்டின் அகலத் திரை ஸ்லைடு 540 புள்ளி உயரம், 960 புள்ளி அகலம் கொண்டது. வகுப்பறையில் ஒன்றரை மீட்டர் உயரத் திரை, கடைசி வரிசை 10 மீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 16 புள்ளியில் வைத்த ஆங்கிலச் சிறிய எழுத்து, அதாவது `a` அல்லது `e`, அந்தத் திரையில் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் அட்டையில் 6/6 என்று குறித்த வரியை, அதாவது நல்ல பார்வை உள்ளவர் முயன்று படிக்கிற வரியை, 10 மீட்டர் தூரத்துக்குப் பெரிதாக்கினால் அதன் எழுத்து சுமார் 15 மில்லிமீட்டர் இருக்கும். ஆக 16 புள்ளி நிரல், கண் பரிசோதனையின் கடைசிக் கட்டத்தைவிடச் சற்றே பெரிது. ஒரு மணி நேரம் அதைப் படித்துக்கொண்டே பாடமும் கேட்பது யாருக்கும் சாத்தியமில்லை.

அதிலும் நிரல் என்பது கதையோ கட்டுரையோ அல்ல. கட்டுரையில் ஓர் எழுத்து மங்கினாலும் சொல்லைப் பார்த்து ஊகித்துவிடுவோம். நிரலில் பொருளைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் மிகச் சின்னக் குறிகள்தான். வரியின் கடைசியில் வரும் முக்காற்புள்ளி, `category`-க்கு முன் இருக்கும் ஒற்றைப் புள்ளி, சதுர அடைப்புக்கும் வளை அடைப்புக்கும் உள்ள வேறுபாடு, `=` ஒன்றா இரண்டா என்பது எல்லாமே இலக்கணம். முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் இடையே இருக்கும் வேறுபாடு அந்த 22 மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிதான். `l` என்ற எழுத்தும் `1` என்ற எண்ணும், `O`-வும் `0`-வும் குழம்பத் தொடங்குவதும் இந்த அளவில்தான். சொல் தெரிகிற தூரத்திலும் குறி தெரியாமல் போகலாம். எனவே நிரலின் எழுத்தளவைச் சொல்லைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காற்புள்ளியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வலது பாதியில் இருக்கும் விளக்க வரிகளை எடுத்துவிட்டாலே நிலைமை மாறிவிடும். இரு ஓரத்திலும் இடம் விட்டால் 840 புள்ளி அகலம் மிஞ்சும். `Consolas` போன்ற, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்கும் எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் தன் அளவில் 55 சதவீத அகலம் எடுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் 28 புள்ளியில் ஒரு வரிக்கு 54 எழுத்துகள் கிடைக்கும். நம் நிரலின் மிக நீண்ட வரி 46 எழுத்துதான், தாராளமாகப் பொருந்தும். சிறிய எழுத்தின் உயரமும் 39 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

கூகுள் ஸ்லைட்ஸில் வேலை செய்பவர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. அதன் ஸ்லைடு 405 புள்ளி உயரம் மட்டுமே. அங்கே 21 என்று வைத்தாலே பவர்பாயிண்டின் 28-க்குச் சமம். அதனால் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, ஸ்லைடு உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு எழுத்தளவு குறையாமல் பார்த்துக்கொள்வது எந்த மென்பொருளுக்கும் பொருந்தும். சோதிப்பதும் சுலபம். 10 மீட்டர் தூரம் என்பது நம் திரையின் உயரத்தைப்போல் ஏழு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மடிக்கணினித் திரையின் உயரம் சுமார் 19 சென்டிமீட்டர் என்றால், ஸ்லைடைத் திரை முழுக்க விரித்து வைத்துவிட்டு ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பின்னால் தள்ளி நின்று பார்த்தால் போதும். கடைசி வரிசைக்காரர் பார்ப்பது அதைத்தான்.

நீண்ட வரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டி ஒரு வரிக்கு 79 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது. அது கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கான அளவு. 28 புள்ளி ஸ்லைடில் அப்படி ஒரு வரியைப் போட்டால் மென்பொருளே அதை மடக்கி, மிச்சத்தை இடது ஓரத்தில் கொண்டுபோய்த் தொடங்கும். பைத்தானில் வரி எங்கே தொடங்குகிறது என்பதே இலக்கணம். உள்ளே தள்ளி எழுதியது சுற்றுக்குள் இருக்கிறது, ஓரத்தில் எழுதியது வெளியே இருக்கிறது. மடங்கி ஓரத்துக்கு வந்த துண்டை மாணவர் தனி வரி என்றே படிப்பார். அதனால் ஸ்லைடுக்குப் போகும் நிரலில் வரிகளை நாமே, இலக்கணம் அனுமதிக்கும் இடத்தில் உடைக்க வேண்டும். இல்லையென்றால் பெயர்களைச் சுருக்க வேண்டும்.

ஒரு ஸ்லைடுக்குள் எத்தனை கேள்வி

28 புள்ளியில் பன்னிரண்டு வரியும் உள்ளே அடங்கிவிட்டன. கடைசி வரிசைக்கும் தெரிகிறது. அப்படியானால் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. கண்ணுக்கு எட்டியது இன்னும் மனத்துக்கு எட்டவில்லை.

ஸ்லைடு திரையில் வந்ததும் மாணவர் மேலிருந்து படிக்கத் தொடங்குகிறார். முதல் வரியில் `unicodedata` என்று இருக்கிறது. அது என்ன என்று அவர் யோசிக்கும்போதே ஆசிரியர் ஏழாவது வரிக்குப் போய்விட்டார். அந்த வரியிலோ `category` என்றொரு புதிய செயற்கூறு, `[0]` என்றொரு சுருக்கம், `"M"` என்று விளக்கமில்லாத ஓர் எழுத்து என மூன்று புதுமைகள் ஒன்றாக நிற்கின்றன. மனித மனம் ஒரே நேரத்தில் கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய புதிய செய்திகள் ஏறக்குறைய நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். நம் ஸ்லைடில் அதைவிட இரு மடங்கு இருக்கிறது.

இங்கே நான்கு என்பது நான்கு வரி அல்ல. `total = 0` என்று தொடங்கி, சுற்றுக்குள் ஒன்று கூட்டி, கடைசியில் விடை தருவது அனுபவமுள்ளவர் கண்ணுக்கு ஒரே பொருள்: எண்ணிக்கை. போன வாரம்தான் கற்கத் தொடங்கியவருக்கு அது மூன்று தனித்தனிச் செய்தி. அதனால் ஒரு ஸ்லைடுக்கு ஐந்து வரி, ஏழு வரி என்று பொதுவாக விதி வகுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரே இருப்பவருக்கு இந்த ஸ்லைடில் புதிதாக எத்தனை இருக்கிறது என்று கேட்டு, விடை ஒன்றுக்கு மேல் போனால் பிரிக்க வேண்டும்.

பிரிக்கும்போது நிரலை மேலிருந்து கீழாகத் துண்டு போடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முதல் நான்கு வரி ஒரு ஸ்லைடு, அடுத்த நான்கு வரி இன்னொரு ஸ்லைடு என்று வெட்டினால் எழுத்துப் பெரிதாகும், குழப்பம் அப்படியே இருக்கும். `import` வரி முதலில் நிற்பது கணினிக்கு அது முதலில் தேவை என்பதால். மாணவருக்கு அது கடைசியில்தான் தேவை. கேள்விகள் பிறக்கும் வரிசையில் ஸ்லைடுகளை அமைத்தால் இதே பாடம் வேறு மாதிரி ஆகிவிடும்.

முதல் ஸ்லைடில் ஒரே வரி.

```python
print(len("தமிழ்"))
```

மேலே தலைப்பு: 'கணினி இதை எத்தனை எழுத்து என்கிறது?' விடையை இந்த ஸ்லைடில் காட்டவே வேண்டாம். வகுப்பு மூன்று என்று சொல்லட்டும். அடுத்த சொடுக்கில் 5 என்று வரட்டும். மூன்று எங்கே, ஐந்து எங்கே என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் ஒன்றாக எழுந்துவிடும். இரண்டாவது ஸ்லைடு அதற்கு மட்டும் பதில் சொல்கிறது.

```python
for ch in "தமிழ்":
    print(ch)
```

இதன் தலைப்பு ஒரு முழு வாக்கியம்: 'கணினி இந்தச் சொல்லை ஐந்து துண்டாக வைத்திருக்கிறது.' வலப்புறம், வேறு பின்னணி நிறத்தில், நிரல் அச்சிட்ட ஐந்து வரிகள்: த, ம, இகரக் குறி, ழ, ஒற்றைப் புள்ளி. குறியும் புள்ளியும் எழுத்தைவிட்டுத் தனியே வரும்போது அவற்றுக்குக் கீழே புள்ளியிட்ட வட்டம் ஒன்று தோன்றும். அந்த வட்டம் நிரலின் விடையில் சேர்ந்ததல்ல, எழுத்துரு போட்டுக் காட்டுவது என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது ஸ்லைடில் இரண்டாவது வரி மட்டும் மாறுகிறது.

```python
for ch in "தமிழ்":
    print(ch, category(ch))
```

இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் வருகின்றன. த, ம, ழ மூன்றுக்கும் `Lo`. இகரக் குறிக்கு `Mc`. புள்ளிக்கு `Mn`. யூனிகோடு முறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை வைத்திருக்கிறது, சார்ந்து நிற்கும் குறிகளின் வகை `M` என்று தொடங்குகிறது. இந்த ஸ்லைடில் புதிது அது ஒன்றுதான். `category` எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு, பைத்தானுடன் வரும் ஒரு நூலகத்திலிருந்து என்று பதில் சொன்னால் போதும். `from unicodedata import category` என்ற வரியை முழு நிரலைக் கொடுக்கும்போது காட்டலாம். அப்படி எழுதுவதால் இன்னொரு லாபமும் உண்டு. `unicodedata.` என்ற முன்னொட்டு போய்விட்டதால் நீண்ட வரியில் பன்னிரண்டு எழுத்து மிச்சம்.

```python
for ch in "தமிழ்":
    if category(ch)[0] != "M":
        print(ch)
```

நான்காவது ஸ்லைடின் தலைப்பு: 'M வகையைத் தாண்டிவிட்டால் மூன்று மிஞ்சும்.' முழு நிரலில் மூன்று புதுமைகளோடு மிரட்டிய அதே வரிதான் இது. இங்கே `category` பழகிவிட்டது, `M` பழகிவிட்டது. வகையின் முதல் எழுத்தை மட்டும் எடு என்று சொல்லும் `[0]` ஒன்றுதான் விளக்க வேண்டியது. ஐந்தாவது ஸ்லைடில் அச்சிடுவதற்குப் பதில் எண்ணுகிறோம்.

```python
total = 0
for ch in "தமிழ்":
    if category(ch)[0] != "M":
        total = total + 1
print(total)
```

இதை `count_letters` என்ற பெயரில் செயற்கூறாக மூடுவது ஆறாவது ஸ்லைடு. ஒரு ஸ்லைடு ஆறாகிவிட்டதே, நேரம் போதுமா என்று கேட்பார்கள். சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் கூடவில்லை. அதே பாடத்துக்கு அதே நேரம்தான் ஆகும். திரை மட்டும் பேச்சோடு சேர்ந்து நகர்கிறது.

இதில் ஒரு கைவேலை நுணுக்கம் உண்டு. புதிய ஸ்லைடை வெறுமையிலிருந்து தொடங்காமல், முந்தையதை `Ctrl+D` அழுத்தி இரட்டித்து, மாற வேண்டிய வரியை மட்டும் மாற்ற வேண்டும். அப்போது `for` வரி திரையில் இருந்த இடத்திலேயே நிற்கும். சொடுக்கும்போது அசைகிற வரி எதுவோ அதுதான் புதிது என்று கண் தானாகக் கண்டுகொள்ளும். எல்லாப் பெட்டிகளும் கால் அங்குலம் இடம் மாறினால், எது மாறியது என்று வகுப்பு தேடத் தொடங்கிவிடும். நீண்ட நிரலை வைத்துக்கொண்டு வரி வரியாகக் காட்ட வேண்டியிருந்தால் `reveal.js` போன்ற கருவிகளில் `data-line-numbers="1|2|3"` என்று எழுதினால் போதும். ஒவ்வொரு சொடுக்கிலும் ஒரு வரி பளிச்சென்று நிற்கும், மற்றவை மங்கும்.

வண்ணம் எதற்கு

நிரலெழுதும் மென்பொருள்கள் சொற்களுக்கு வண்ணம் தீட்டுகின்றன. கட்டளைச் சொல் ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருப்பது ஒரு நிறம், எண் ஒரு நிறம், விளக்கக் குறிப்பு ஒரு நிறம். நாள் முழுதும் ஆயிரம் வரிகளுக்குள் அலைபவருக்கு அது உதவி. நான்கு வரி ஸ்லைடில் அந்த ஏழெட்டு நிறங்களும் ஒவ்வொரு சொல்லையும் 'என்னைப் பார்' என்று கூவ வைக்கின்றன. நான் விரும்புவது, நிரல் முழுதும் அடர்ந்த ஒரே நிறம், மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லுக்கு மட்டும் இன்னொரு நிறம், அன்றைய கேள்விக்கு உரிய வரிக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் பட்டை. சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் வைத்துத் தவறு, சரி என்று காட்டக் கூடாது. அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்தப் பெரிய வகுப்பிலும் இருப்பார்கள்.

மற்ற வரிகளை மங்கலாக்கும்போது அளவு மீறிவிடுவது வழக்கம். வெள்ளைப் பின்னணியில் `#767676` என்ற சாம்பல் நிறம், படிக்கத் தேவையான ஒளி வேறுபாட்டின் விளிம்பில் இருக்கிறது. இணையதளங்களுக்கான அணுகல் விதிகள் கேட்கும் 4.5-க்கு 1 என்ற விகிதம் அதோடு முடிகிறது. அது நல்ல கணினித் திரைக்கு. புரொஜெக்டருக்கு அதைவிட அடர்த்தி வேண்டும். `#595959` வரை போனால் நிம்மதி.

காரணம், புரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. அது ஒளியைத்தான் வீசும். ஒளி விழாத இடம் அந்தத் திரைத்துணியின் சொந்த நிறத்தில், அறையின் விளக்கு வெளிச்சத்தோடு தெரியும். அதைத்தான் கறுப்பு என்று கண் ஏற்றுக்கொள்கிறது. ஜன்னல் திறந்த, குழல்விளக்கு எரிகிற வகுப்பறையில் கறுப்புப் பின்னணி ஸ்லைடைப் போட்டால் பின்னணி சாம்பலாகிவிடும், அதன் மேல் இருக்கும் ஊதா எழுத்தும் சாம்பல் குறிப்பும் அதோடு கரைந்துவிடும். மடிக்கணினியில் அதே ஸ்லைடு அழகாகத் தெரியும் என்பதுதான் ஏமாற்றுகிற விஷயம். வெளிச்சமான அறைக்கு வெள்ளைப் பின்னணி, கறுத்த எழுத்து. இருட்டரங்கம் என்றாலோ, பெரிய தொலைக்காட்சித் திரை என்றாலோ கறுப்புப் பின்னணியும் நன்றாகவே இருக்கும்.

மென்பொருள் செய்யும் திருத்தங்கள்

பவர்பாயிண்ட் உரைநடை எழுதுபவருக்காகச் செய்யப்பட்டது. நிரலையும் அது உரைநடையாகவே நினைத்துத் திருத்துகிறது. வரியின் தொடக்கத்தில் `print` என்று தட்டினால் `Print` ஆக்கும். நேர் மேற்கோள்குறியை வளைந்த மேற்கோள்குறியாக்கும். இரண்டு சிறுகோடுகளைச் சேர்த்து ஒரு நீள்கோடாக்கும். பார்க்க எல்லாம் அழகுதான். அந்த ஸ்லைடை மாணவர் வீட்டில் நகலெடுத்து இயக்கினால் இப்படி வரும்:

```
SyntaxError: invalid character '“' (U+201C)
```

அந்தப் பிள்ளை தன்மேல் சந்தேகப்படும், ஸ்லைடின்மேல் சந்தேகப்படாது. இதைத் தவிர்க்க, `AutoCorrect Options` பகுதியில் மேற்கோள் மாற்றத்தையும் முதலெழுத்தைப் பெரிதாக்குவதையும் முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். நிரலை ஸ்லைடில் தட்டவே கூடாது. நிரலெழுதும் மென்பொருளில் எழுதி, இயக்கி, அதன்பின் ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஸ்லைடிலிருந்து திரும்ப நகலெடுத்து ஒருமுறை இயக்கிப் பார்ப்பது இந்த வகைப் பிழைகள் அத்தனையையும் பிடித்துவிடும். நிரலைப் படமாக எடுத்து ஒட்டுகிறவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்புகிறார்கள். ஆனால் அந்தப் படம் பெரிதாக்கினால் மங்கும், ஒரு எழுத்தைத் திருத்தவும் முதலிலிருந்து எடுக்க வேண்டும், திரையைக் குரலில் படித்துக் கேட்கும் பார்வையற்ற மாணவருக்கு அதில் ஒன்றுமே இல்லை.

எழுத்துருவும் ஒரு திருத்தம் செய்யக்கூடும். `Fira Code` போன்ற சில எழுத்துருக்கள் `!=` என்ற இரண்டு குறிகளை இணைத்து, குறுக்கே கோடு போட்ட ஒரே சமக்குறியாகக் காட்டும். உலாவியில் ஓடும் ஸ்லைடுகளில் இது அடிக்கடி நடக்கும். தினமும் எழுதுபவருக்கு அது வசதி. புதிதாகக் கற்பவர் அந்தக் குறியை விசைப்பலகையில் தேடுவார். நம் பாடத்தின் மையமே அந்த `!=` என்பதால், இணைப்பு எழுத்து இல்லாத `Consolas` அல்லது `Cascadia Mono` போதும்.

தமிழ்ச் சொல் நிரலுக்குள் வரும்போது ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்த எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. `Consolas` என்று நாம் வைத்தாலும் 'தமிழ்' மட்டும் விண்டோஸில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவில் தெரியும், அதன் அகலம் மற்ற எழுத்துகளோடு ஒத்துவராது. அதனால் தமிழ்ச் சொல்லுக்கு வலப்புறம் இடைவெளி விட்டு விட்டு எதையும் நேராக அடுக்க முயல்வது வீண். மேலே நான் விடைகளை வரியின் ஓரத்தில் குறிப்பாக எழுதாமல் தனிப் பெட்டியில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ் உள்ள வரி மட்டும் உயரம் கூடி, வரிகளின் இடைவெளி ஏறியிறங்குவதும் உண்டு. பத்தி அமைப்பில் வரி இடைவெளியை `Exactly` என்று வைத்து, 28 புள்ளி எழுத்துக்கு 38 புள்ளி கொடுத்தால் சீராகிவிடும். அதைவிடக் குறைத்தால் இகரத்தின் வளைவும் மெய்ப்புள்ளியும் மேலே வெட்டுப்படுகின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

முழுதாகக் காட்ட வேண்டிய நேரம்

எல்லாவற்றையும் இப்படித் துண்டாக்கிவிட முடியாது. ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று, அதற்குள் ஒரு நிபந்தனை என்று நிரல் எவ்வளவு ஆழமாக உள்ளே போகிறது என்பதே பாடமாக இருந்தால், அதன் வடிவம் முழுதாகத் தெரிய வேண்டும். அப்போது முழு நிரலையும் ஒரு ஸ்லைடில் போடலாம், ஆனால் படிப்பதற்காக அல்ல. 'இதைப் படிக்க வேண்டாம், ஓரத்தை மட்டும் பாருங்கள்' என்று சொல்லிவிட்டு, அடுத்த ஸ்லைடில் தேவையான நான்கு வரியைப் பெரிதாக்கிக் காட்டலாம். நடுவில் சில வரிகளை விட்டுவிடும்போது அந்த இடத்தில் `...` போட்டால், விட்டிருக்கிறோம் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். பைத்தான் அந்த மூன்று புள்ளிகளையும் செல்லுபடியாகும் நிரலாகவே ஏற்றுக்கொள்வதால், ஒட்டி இயக்கினாலும் அந்த வரியில் இலக்கணப் பிழை வராது. விட்டுவிட்ட வரிகளோடு சேர்ந்த முழு நிரலும் மாணவர் கைக்குத் தனிக் கோப்பாகப் போக வேண்டும்; ஸ்லைடு அதற்கு மாற்று அல்ல.

கடைசி ஸ்லைடுக்குப் பின்னால், வகுப்பில் காட்டாத ஓரிரண்டை வைத்திருப்பதும் நல்லது. நம் நிரலிடம் 'பக்ஷி' என்ற சொல்லைக் கொடுத்தால் 3 என்று சொல்லும். ப, க்ஷி என்று இரண்டாக எண்ணுபவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். க, ஷ இரண்டுமே `Lo` வகை என்பதால் நிரல் இரண்டையும் தனித்தனியே எண்ணிவிடுகிறது. இந்த விதிவிலக்கை ஐந்தாவது ஸ்லைடின் ஓரத்தில் சிறிய எழுத்தில் சேர்த்துவிடத் தோன்றும். சேர்த்தால் அந்த ஸ்லைடுக்கு இரண்டு கேள்வி ஆகிவிடும். தனி ஸ்லைடாகப் பின்னால் இருக்கட்டும். யாராவது ஒரு மாணவர் கையைத் தூக்கி 'க்ஷ வந்தால் என்ன சார் ஆகும்?' என்று கேட்கும்போது அந்த ஸ்லைடுக்குத் தாவி, அதே ஐந்து வரியில் சொல்லை மட்டும் மாற்றிக் காட்டலாம்.